பெரிய டேபிள்களை ஒப்பிட: முழுதாக இழுப்பதா, ஹாஷ் போட்டு இறங்குவதா?

மைஎஸ்க்யூஎல்லில் இருந்த ஆர்டர் டேபிளைப் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிய பிறகு, இரு பக்கமும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. பத்துக் கோடி வரிசைகள். எண்ணிக்கை பொருந்துவதை வைத்து நிம்மதி அடைய முடியாது. ஒரு தொகை மாறியிருந்தாலும் எண்ணிக்கை அதேதான். இரு பக்கத்தையும் `id` வரிசையில் முழுதாக இழுத்து ஒப்பிடுவது ஒரு வழி. `id` எல்லைகளாகப் பிரித்து, எல்லைக்கு ஒரு ஹாஷ் கணக்கிட்டு, மாறுபடும் எல்லைக்குள் மட்டும் இறங்குவது இன்னொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் வழியின் சுமை வெளிப்படை. வரிசைக்கு 200 பைட் என்றால் பக்கத்துக்கு 20 ஜிபி நெட்வொர்க்கில் வர வேண்டும். இரண்டாவதில் தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கணக்கு மட்டும் வருகிறது. போஸ்ட்கிரெஸ் பக்கம் அது இப்படி:

```sql
SELECT count(*),
       sum(('x' || substr(md5(row_text), 18))::bit(60)::bigint)
FROM orders_text
WHERE id >= 1 AND id < 3125001;
```

ஒவ்வொரு மட்டத்திலும் 32 துண்டுகள். `id` இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து பத்துக் கோடி வரை ஓடுவதாகவும், 41720338 என்ற ஓர் ஆர்டர் மட்டும் மாறியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் மட்டத்தில் துண்டுக்கு 31,25,000 வரிசைகள். 14-வது துண்டு மட்டும் பொருந்தாது. அதற்குள் 32 துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 97,656, அதில் 12-வது. அதற்குள் மறுபடி 32, அதில் 7-வது. இப்போது கையில் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் வரிசைகள். அவற்றை மட்டும் இரு பக்கமிருந்தும் எடுத்து நேரடியாக ஒப்பிட்டால் போதும். முதல் மட்டத்தில் டேபிள் முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மிச்சமாவது நெட்வொர்க், டிஸ்க் அல்ல.

இதுவரை எல்லாம் எளிது. உண்மையான செலவு, வரிசை முழுவதையும் ஒரே சரமாக எழுதித் தரும் அந்த `row_text` என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. முழுதாக இழுக்கும்போது இரு பக்கத்து மதிப்புகளும் ஒரே புரோகிராமுக்குள் வந்துவிடுகின்றன. தேதியைத் தேதியாகவும் எண்ணை எண்ணாகவும் ஒப்பிடலாம். ஹாஷ் வழியில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு வெவ்வேறு டேட்டாபேஸ்கள் ஒரே வரிசையை எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதிக் காட்ட வேண்டும்.

அவை எழுதுவதில்லை. மைஎஸ்க்யூஎல்லின் `DATETIME(6)` ஒரு நேரத்தை `10:20:00.120000` என்கிறது. போஸ்ட்கிரெஸ் அதையே `10:20:00.12` என்கிறது. ஒரு பக்கம் `1`, மறுபக்கம் `true`. ஒரு பக்கம் `150.00`, மறுபக்கம் அளவு குறிக்காத `numeric`-இல் `150` என்றே நுழைந்திருந்தால் `150`. இவை தொல்லை தந்தாலும் கத்திக்கொண்டு வருபவை. முதல் மட்டத்திலேயே 32 துண்டுகளும் பொருந்தாமல் போனால் கீழே இறங்காதீர்கள்; ஒரே ஒரு வரிசையின் `row_text`-ஐ இரு பக்கமும் அச்சிட்டு அருகருகே வைத்துப் பாருங்கள், காரணம் கண்ணில் படும்.

சத்தமில்லாமல் கெடுப்பது `NULL`. மைஎஸ்க்யூஎல்லின் `concat` ஒரு `NULL` கலந்தாலே முழுவதையும் `NULL` ஆக்கிவிடும். அதன் `md5`-யும் `NULL`. `sum` அதைக் கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸ் பக்கம் `||` போட்டிருந்தால் அங்கேயும் அதே கதை. கூப்பன் எண் இல்லாத ஆர்டர்கள் எல்லாம் ஒப்பீட்டிலிருந்து மறைந்துபோக, இரு பக்கமும் ஒன்றே என்று பதில் வரும். `concat_ws` இதற்கு மருந்தல்ல: அது `NULL`-ஐத் தாண்டிவிடுவதால், ஒரு மதிப்பு பக்கத்து நெடுவரிசைக்கு நகர்ந்திருந்தாலும் தெரியாது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் `coalesce` போட்டு, தரவில் வரவே வராத ஓர் அடையாளத்தை வைப்பதுதான் வழி. வெற்றுச் சரத்தை அடையாளமாக வைத்தால் `NULL`-க்கும் வெறுமைக்கும் உள்ள வேறுபாடு போய்விடும். இதையெல்லாம் இரு பக்கமும் ஒரு வியூவில் எழுதி வைத்தேன். நெடுவரிசை கூடும்போதெல்லாம் இரண்டையும் திருத்த வேண்டும். இந்த வழியின் பராமரிப்பு என்றால் அதுதான். ஒருமுறை மட்டும் ஒப்பிடப்போகிறவருக்கு இது கட்டுப்படியாகாமல் போகலாம்.

மைஎஸ்க்யூஎல்லுக்கும் அதன் ரெப்ளிகாவுக்கும் இடையில் மட்டும் என்றால் `pt-table-checksum` என்ற கருவி இருக்கிறது. கணக்கிடும் கட்டளையே ரெப்ளிகேஷன் வழியாகப் போய்ச் சேருவதால், ரெப்ளிகா பின்தங்கியிருந்தாலும் குழப்பம் வராது. அதைச் சிறிய டேபிள்களில்தான் ஓட்டியிருக்கிறேன், ஆகவே அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் வழியில் அந்த வசதி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் என்றால் `updated_at` சற்று பழையதாக உள்ள வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஹாஷ் வழி தோற்கும் இடமும் உண்டு. அதே பத்துக் கோடியில் ஒரு லட்சம் வரிசைகள் மாறி, அவை டேபிள் முழுக்கச் சிதறியிருந்தால், கடைசி மட்டத்துத் துண்டு ஒவ்வொன்றிலும் சராசரியாக மூன்று மாறுதல்கள் இருக்கும். அதாவது ஏறத்தாழ எல்லாத் துண்டையும் இழுத்தாக வேண்டும், மூன்று மட்டத்து ஹாஷ் செலவு அதற்கு மேல் உபரி. ஒரு நெடுவரிசையை எல்லா வரிசைகளிலும் மாற்றி எழுதிய அப்டேட்டுக்குப் பிறகு ஒப்பிடுவதென்றால், நான் நேராக முழுதாக இழுத்துவிடுவேன்.