தேய்ந்த கோல்முகம்: புல்பத்தையா, அருகம்புல் நடவா?

காவிரிப் படுகையின் ஊர்க் கால்பந்துத் திடல்களில் முதலில் சாவது கோல்கம்பங்களுக்கு முன்னால் உள்ள புல்தான். கோல்கீப்பர் நிற்கும் இடமும், அவர் இருபுறமும் பாயும் இடமும் ஒரு பருவத்திற்குள் வழுக்கையாகிவிடும். அடுத்த பருவத்தில் அந்த வழுக்கை குழியாகும். மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் திடலில், சென்ற தை மாதப் போட்டி முடிந்ததும், சேதமில்லாத புல்லின் மீது இருபுறமும் முளையடித்துக் கயிறு கட்டி அளந்து பார்த்தோம். ஏறத்தாழ 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட அந்தக் குழி, நடுவில் 10 சென்டிமீட்டரும் சராசரியாக 6 சென்டிமீட்டரும் ஆழம் இருந்தது. அதை மூட, மண்ணோடு வெட்டியெடுத்த புல்பத்தை பதிப்பதா, அருகம்புல் தண்டு நடுவதா என்பதே அப்போது எழுந்த கேள்வி. ஆனால் அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது.

நீரை எங்கே அனுப்புவது என்பதே அது. இதற்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன: ஒன்று, குழியை இன்னும் ஆழமாகத் தோண்டி, சல்லியும் மணலும் நிரப்பி, துளையுள்ள குழாய் வழியே நீரை வெளியேற்றுவது; மற்றது, தோண்டாமல் மேடாக்கிச் சரிவு கொடுப்பது. முதல் வழி செம்மண் பூமியில் நன்றாக வேலை செய்யலாம். எங்கள் மண் கோடையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து, மழையில் உப்பி, துளைகளை மூடிக்கொள்ளும் களி. அதில் தோண்டி மணல் நிரப்பிய குழி, வடிகாலாக இல்லாமல் தொட்டியாகிவிடுகிறது. சுற்றிலும் பெய்த மழையும் அதற்குள்தான் வந்து சேர்கிறது. குழாய் போட்டாலும், அது போய்ச் சேரும் இடம் தாழ்வாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடிவாய்க்கால் நிரம்பி, பக்கத்து வயலிலும் நீர் நிற்கும்போது, குழாயின் வாய் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும். நாங்கள் ஒருமுறை இரண்டடி தோண்டி எம்-சாண்ட் நிரப்பினோம். முதல் அடைமழைக்குப் பிறகு திடலின் மற்ற பகுதிகள் காய்ந்தும், கோல்கீப்பர் மட்டும் ஒரு வாரத்திற்கு மேலாகக் கணுக்கால் நீரில் நின்றார்.

ஆகவே படுகைக்கு மேடாக்குவதே பொருந்தும் என்பது என் முடிவு. கோல் கோட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டர் தள்ளி, 60 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட, ஓரம் மழுங்கிய ஓடை ஒன்றை வெட்டி, வடிவாய்க்கால் பக்கமாக வாட்டம் கொடுத்தால் போதும். ஓடிவருபவர் கால் இடறாதபடி அதன் கரை சாய்வாக இருக்க வேண்டும்.

குழியை நிரப்பும் மண்ணும் திடலின் மண்ணாகவே இருப்பது நல்லது. களியில் சிறிதளவு மணலைக் கலந்தால் இளகும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், கலவையில் மணலே பெரும்பங்காக இல்லாவிட்டால், அது காய்ந்ததும் செங்கல்போல இறுகிவிடும். எங்கள் குழியைத் தரைமட்டம் வரை நிரப்ப மட்டும் வேண்டிய மண் ஒரு கன மீட்டரைச் சற்றே தாண்டும்; மிதித்தால் அமுங்குவதையும் சேர்த்தால் 1.35 கன மீட்டர், அதாவது லாரிக்காரர் கணக்கில் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அடித்தரையை முதலில் மண்வெட்டியால் ஐந்து சென்டிமீட்டர் கொத்திவிட வேண்டும்; இல்லையென்றால் புது மண் பழைய மண்ணோடு ஒட்டாமல் தோசையாகப் பெயரும். பிறகு ஐந்து ஐந்து சென்டிமீட்டராகப் போட்டு, காலால் மிதித்து, இறுதியில் சுற்றுப்புறத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் உயர விட வேண்டும். மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பாருங்கள்: உருண்டையாகி, விரலால் அழுத்தியதும் உதிர்ந்தால் பதம் சரி, நாடாபோல நீண்டு வழுக்கினால் இன்னும் இரண்டு நாள் காய வேண்டும்.

இனிப் புல். நாற்றங்காலிலிருந்து வாங்கும் பத்தையின் கவர்ச்சி, இட்ட அன்றே பச்சையாகத் தெரிவதுதான். ஆனால் வீட்டுத் தோட்டத்திற்காக விற்கப்படும் பத்தைகளில் பெரும்பாலானவை கொரியன் புல். பார்வைக்கு அழகாக இருந்தாலும், கிழிந்த இடத்தை மூடிக்கொள்ள அது மிக மெதுவாகவே வளரும். மேலும் பத்தையோடு வரும் மண் நம் களியிலிருந்து வேறுபட்டால், வேர் அந்த மண்ணுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கீழே இறங்காது. மூன்று வாரம் கழித்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: பாய்போல எழுந்து வந்தால் விளையாட்டைத் திறக்கக் கூடாது. இதற்கு நல்ல மாற்று, கொடிக்கம்பத்துக்கு அப்பால், திடலின் ஓரத்தில் உள்ள அருகம்புல்லையே மூன்று, நான்கு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டியெடுத்து, செங்கல் அடுக்குவதுபோல இணைப்புகள் மாறி வரும்படி பதித்து, இடைவெளிகளை மண்ணால் அடைப்பது. அடியில் தங்கிய தண்டுகளிலிருந்து வெட்டிய இடமும் இரண்டு மாதத்தில் மூடிக்கொள்ளும்.

தண்டு நடவு அதைவிட மலிவு. நம் ஊரில் நாற்று நடத் தெரிந்த கைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. இரண்டு கணுக்களை மண்ணுக்குள் புதைத்து, நுனி வெளியே தெரிய, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் எங்கள் 18 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 800 தண்டுகள் தேவை. முதல் பத்து நாள் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். அதில் ஒரு நாள் தவறினாலும் வெயிலில் பாதி கருகும். வரப்பில் பிடுங்கிய புல்லோடு கோரைக் கிழங்கு ஒட்டி வந்துவிட்டால், பிறகு ஆண்டுக்கணக்கில் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே வேரைக் கழுவிக் கிழங்கு தேடுவது அவசியம். இந்த வழியின் உண்மையான விலை காலம்: தரையை மூட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், அதுவரை அந்தக் கோலை யாரும் தொடக் கூடாது. இளைஞர்களிடம் அதைச் சொல்லி நிறுத்துவது 800 தண்டு நடுவதைவிடக் கடினம் என்பது அனுபவம்.

எனவே ஒரு மாதத்திற்குள் போட்டி வைத்திருப்பவர்களுக்குச் சொந்தத் திடலின் ஓரத்துப் பத்தையே வழி. இரண்டு மாதம் பொறுக்க முடிந்தவர்களுக்கு நடவு போதும். நாங்கள் இரண்டையும் கலந்தோம்: கோல்கீப்பர் நிற்கும் நடுப்பகுதியில் இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பத்தையும், மீதி இடத்தில் தண்டும். மாசி முதல் வாரத்தில் தொடங்கினோம். பயிற்சிக்கு நகர்த்தும் கோலைத் திடலின் நடுப்பக்கம் கொண்டுபோனோம்.

வெட்டுவதைப் பொறுத்தவரை, எந்த இயந்திரமானாலும் ஒரே முறையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் போதும். தோளில் மாட்டும் புல்வெட்டியைப் பழகாத கையில் கொடுத்தால் அது மண்ணையே மழிக்கும். கோட்டுக்குச் சுண்ணாம்பை விட்டுவிட்டுக் கல்மாவுக் கோலப்பொடியைப் பயன்படுத்துங்கள். நீற்றிய சுண்ணாம்பு கண்ணையும், வேர்த்த தோலையும் பொசுக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரே கோட்டில் கொட்டினால், பருவத்தின் முடிவில் அது விரல் உயர வரப்பாகி, கோல்முகத்து நீர் பின்னால் உள்ள ஓடைக்குப் போகாமல் தடுத்துவிடும். எங்கள் பழைய கோல் கோட்டை மண்வெட்டியால் செதுக்கியபோது வெளிவந்த கட்டிகள் ஒரு சிமெண்ட் சாக்கை நிரப்பின.