மூல ஆசிரியரைக் கேட்பதா, நாமே ஊகிப்பதா?

வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பதில், மொழிபெயர்க்கும்போது நான் செய்த ஓர் ஊகம் நான்கு கையேடுகளில் அச்சாகிவிட்டது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'பைவீக்லி'. வாரம் இருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என இரண்டு பொருளையும் அகராதிகள் தருகின்றன. அன்று மாலைக்குள் கோப்பை அனுப்ப வேண்டியிருந்தது. அழுக்குப் படியும் பொருள்தானே, அடிக்கடி கழுவச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து 'வாரம் இருமுறை' என்று எழுதிவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கருவியின் கையேட்டுக்குப் புதிய பதிப்பு ஒன்று என் கைக்கு வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் ஆண்டுக்கான பராமரிப்புப் பதிவேடு இருந்தது. வடிகட்டி என்ற தலைப்பின் கீழ் 26 கட்டங்கள். வாரம் இருமுறை என்றால் 104 கட்டங்கள் இருந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு ஐயமான வாக்கியம் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதில் என் பழக்கம் மாறிவிட்டது. கையில் இருக்கும் வழிகள் மூன்று. நாமே ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு மேலே போகலாம். மூலத்தின் இருபொருளைத் தமிழிலும் அப்படியே விட்டுவைக்கலாம். ஆசிரியரிடம் கேட்கலாம். நான் கேட்பவர்களின் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊகிப்பதன் நன்மையை விளக்கத் தேவையில்லை, வேலை நிற்காது. பல ஆண்டுகள் ஒரே துறையில் மொழிபெயர்ப்பவரின் ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமையும் என்பதையும் மறுக்கமாட்டேன்.

இருபொருளை அப்படியே விட்டுவைப்பது கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. சில இடங்களில் தமிழும் அதற்கு இடம் கொடுக்கும். 'பழைய வால்வுகளும் குழாய்களும்' என்று எழுதினால் குழாய்களும் பழையவையா, வால்வுகள் மட்டுமா என்ற கேள்வி ஆங்கிலத்தில் இருந்ததைப் போலவே தமிழிலும் நிற்கும். ஆனால் கையேட்டில் இப்படிச் செய்தால், நம்மால் தீர்க்க முடியாத ஐயத்தை, கையில் திருகியோடு நிற்கும் ஒருவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். பல இடங்களில் இந்த வழி திறப்பதே இல்லை. ஆங்கிலத்தில் 'நான்' என்பதன் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் எழுதும்போது கேட்பவரைச் சேர்த்து 'நாம்' என்பதா, விலக்கி 'நாங்கள்' என்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்று எழுதியவர் மூத்தவளா இளையவளா என்று யோசிக்காமலே கடந்துபோகலாம். அக்கா, தங்கை இரண்டில் ஒன்றைத் தொடாமல் தமிழில் அந்த வரியை இயல்பாக முடிப்பது அரிது.

ஆக, போட்டி பெரும்பாலும் ஊகத்துக்கும் கேள்விக்கும்தான். இதில் நேரத்தையோ ஊகம் தவறும் வாய்ப்பையோ நான் முதலில் பார்ப்பதில்லை. தவறினால் அந்தத் தவறு யார் கண்ணிலாவது படுமா என்பதைத்தான் பார்க்கிறேன்.

எழுத்துப்பிழை கண்ணில் படும். விடுபட்ட வரி கண்ணில் படும். தவறான ஊகம் படாது, ஏனென்றால் அது பிழையற்ற, சரளமான தமிழ் வாக்கியம். 'வடிகட்டியை வாரம் இருமுறை கழுவவும்' என்பதில் மெய்ப்புத் திருத்துபவர் எதைத் திருத்துவார்? மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கூட அகராதியைத் திறந்தால் அந்தப் பொருள் அங்கே இருக்கிறது, சரி என்று கடந்துவிடுவார். மூலத்தில் மேடுபள்ளமாக இருந்த இடத்தை நாம் இழைத்து வழவழப்பாக்கிவிட்டோம். அங்கே ஓர் ஐயம் இருந்தது என்பதற்கான தடயமே மிஞ்சுவதில்லை.

அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. இப்போது நம்மில் பலர் மொழிபெயர்ப்பு நினைவகம் உள்ள மென்பொருளில்தான் வேலை செய்கிறோம். ஒரு வாக்கியத்தை முடித்து உறுதி செய்தவுடன் மூலமும் தமிழும் ஜோடியாகச் சேமிக்கப்படுகின்றன. அதே ஆங்கில வாக்கியம் வேறொரு கோப்பில் வந்தால் மென்பொருள் நம் பழைய தமிழை நூறு சதவீதப் பொருத்தம் என்று எடுத்து நீட்டும். அப்படி வந்ததை யாரும் மறுபடி யோசிப்பதில்லை. பல வேலைகளில் அதற்குக் கூலி குறைவு, சிலவற்றில் கூலியே கிடையாது. என் வடிகட்டி வாக்கியம் அடுத்த மூன்று கையேடுகளுக்குள் போனது இந்த வழியில்தான். அவற்றில் ஒன்றை மொழிபெயர்த்தது நான்கூட இல்லை. அரை நிமிடத்தில் செய்த ஊகம் இரண்டு ஆண்டுகளாக உறுதியான முடிவின் தோற்றத்தில் உலவியது. திருத்துவதற்கு நினைவகத்தைத் தேடி, நான்கு கோப்புகளைத் திறந்து, பக்கங்களை மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று. கேட்டிருந்தால் ஒரு வரிப் பதிலோடு முடிந்திருக்கும்.

மூலமே தவறாக இருக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஆட்டோகிளேவ் எனப்படும், அழுத்தமான நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் கலத்தின் கையேடு ஒன்றில் ஒரு வாக்கியம் வந்தது. அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால், அல்லது, வெளியேற்று வால்வு திறந்திருந்தால், மற்றும், பச்சை விளக்கு எரிந்தால் மூடியைத் திறக்கலாம் என்று மூன்று நிபந்தனைகளை ஆங்கிலம் ஒரே மூச்சில் அடுக்கியிருந்தது. 'மற்றும்' எதோடு சேர்கிறது? கணினி நிரல் என்றால் எது முதலில் சேரும் என்பதற்கு விதி உண்டு. இயல்பான பேச்சுக்கு அப்படி விதி இல்லை. வால்வோடு மட்டும் சேர்ந்தால், அழுத்தம் இறங்கியதே போதும், விளக்கைப் பார்க்க வேண்டியதில்லை. முன்னால் உள்ள இரண்டோடும் சேர்ந்தால், எந்த வழியானாலும் விளக்கு எரிந்தாக வேண்டும்.

தமிழில் வினையெச்சங்களைக் கோக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். 'வால்வு திறந்திருந்து விளக்கும் எரிந்தால்' என்று எழுதினால் முதல் பொருள். 'இவ்விரண்டில் ஒன்று நிகழ்ந்திருந்து, விளக்கும் எரிந்தால்' என்றால் இரண்டாவது. கேட்பதற்கு முன் கோப்பு முழுவதும் தேடினேன். படத்தில் விளக்கு இருந்தது, நிபந்தனை இல்லை. கோளாறு அட்டவணையில் 'விளக்கு எரியாவிட்டால் மூடியின் உணரியைச் சோதிக்கவும்' என்று மட்டும் இருந்தது. முந்தைய பதிப்பிலும் அதே வாக்கியம். நான் அனுப்பிய கேள்வியைத் தமிழில் தருகிறேன்:

"பக்கம் 14, மூன்றாம் பத்தி, இரண்டாம் வாக்கியம். இதை இரண்டு விதமாகப் படிக்க முடிகிறது. அ: அழுத்தம் பூஜ்யமானால் விளக்கு எரியாவிட்டாலும் மூடியைத் திறக்கலாம். ஆ: விளக்கு எரியாமல் எந்த நிலையிலும் திறக்கக் கூடாது. எது சரி? இரண்டும் இல்லையென்றால் சரியான நிபந்தனையை எழுதுங்கள். இது பாதுகாப்பு பற்றிய வரி என்பதால் பதில் வரும்வரை நிறுத்தி வைக்கிறேன்."

மறுநாள் பதில் வந்தது. இரண்டும் இல்லை. மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும். 'அல்லது' என்பது அழுத்தமானி இல்லாத பழைய மாதிரியின் கையேட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த சொல் என்று எழுதியிருந்தார்கள். நான் எவ்வளவு திறமையாக ஊகித்திருந்தாலும் தவறைத்தான் எழுதியிருப்பேன். ஊகம் மூலத்தின் சொற்களுக்குள்ளேயே தேடும், தேவையான விடை அதற்கு வெளியே இருந்தது. நான் ஊகித்திருந்தால் ஆங்கில மூலமும் திருந்தியிருக்காது, மற்ற மொழிகளுக்கும் அதே பிழைதான் போயிருக்கும்.

கேள்வியை எழுதும் விதத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 'இது தெளிவாக இல்லை' என்று மட்டும் எழுதினால் 'மூலத்தில் உள்ளபடி எழுதுங்கள்' என்று பதில் வரும். ஆசிரியருக்குத் தம் வாக்கியத்தில் ஒரு பொருள்தான் தெரியும், மற்றதை நாம்தான் காட்ட வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே தமிழ்ச் சொற்களைக் காட்டி எது நல்லது என்று கேட்பதில் பயனில்லை. கருவிக்கு என்ன ஆகிறது, யார் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். பாதுகாப்பு, மருந்தளவு, பணம், சட்டப் பொறுப்பு தொடர்பில்லாத கேள்வி என்றால், இந்தத் தேதிக்குள் பதில் இல்லையேல் ஆ என்று கொள்கிறேன் என்று சேர்த்துவிடுகிறேன். வேலையும் நிற்காது, ஊகமும் எழுத்தில் பதிவாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் கேட்கவும் கூடாது. வெளிப்படையான அச்சுப்பிழையைத் திருத்திவிட்டு ஒரு வரியில் தெரிவித்தால் போதும். நமக்குத் தெரியாத கலைச்சொல் நம் பிரச்சினை, ஆசிரியருடையது இல்லை. கோப்பிலேயே விடை இருக்கும் கேள்வியைக் கேட்பது எல்லாவற்றிலும் மோசம். அப்படி ஐந்து அனுப்பினால் உண்மையில் ஆபத்தான ஆறாவதை அவர் படிக்கமாட்டார். என் 'பைவீக்லி'க்குக்கூட, அன்றே பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கியிருந்தால் கட்டங்களை எண்ணியே விடை கண்டிருக்கலாம். நடுவில் நிறுவனம் இருந்தால் கேள்வி திட்ட மேலாளர் வழியாகப் போகும். மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17100 தரநிலையும் (2015) ஐயம் எழுந்தால் அவரிடம் கேட்க வேண்டும் என்றே சொல்கிறது. அவர் ஆசிரியரைத் தொந்தரவு செய்யத் தயங்கினால், வால்வு வாக்கியத்தைப் போல விளைவை எழுதிக் காட்டினால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்.

இலக்கியத்தைப் பற்றி இதே உறுதியோடு பேச எனக்குத் தகுதி இல்லை. இதுவரை ஒரே ஒரு நாவலைத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். அங்கே இருபொருள் பிழையாக இருக்க வேண்டியதில்லை, ஆசிரியர் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம், அதை விடுவிக்கச் சொல்லிக் கேட்பதே தவறாகலாம். ஆனாலும் கேட்கும் மரபு அங்கும் இருக்கிறது. ஜெர்மன் எழுத்தாளர் குந்தர் கிராஸ் 1978 முதல் தம் மொழிபெயர்ப்பாளர்களை ஒரே இடத்தில் கூட்டி, புதிய நூலின் ஐயங்களைத் தீர்க்க நாட்கணக்கில் அவர்களோடு அமர்ந்தார்.

என் நாவலில் முதல் அத்தியாயத்திலேயே நாயகிக்கு ஒரு சகோதரி வந்தாள். மூத்தவளா இளையவளா என்று எங்கும் இல்லை. கேட்டு எழுதினேன். தாம் அதை யோசிக்கவே இல்லை, உங்கள் மொழிக்கு எது வசதியோ அதை எழுதுங்கள் என்று ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இருவரும் சண்டையிடும் ஒன்பதாம் அத்தியாயத்தைக் குறிப்பிட்டு, அங்கே அந்தச் சகோதரி ஏன் விட்டுக்கொடுக்கிறாள், பொறுப்பாலா, பயத்தாலா என்று மறுபடி கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரே சொல் வந்தது, பொறுப்பால் என்று. 'அக்கா' என்று எழுதினேன்.