400 பிள்ளைகள், எத்தனை பள்ளிகள்?

அன்புள்ள தம்பிக்கு,

தர்மபுரி மாவட்டத்தில் 12 வயதுப் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேருக்கு, குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடால் பற்களில் வரும் ஃபுளோரோசிஸ் பாதிப்பு இருக்கிறது என்று அறிவதற்கான உங்கள் ஆய்வுத் திட்டத்தைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் எழுதியவை பெரும்பாலும் சிறு திருத்தங்கள். மாதிரி அளவு பற்றிய பக்கத்தை மட்டும் முழுவதுமாக அடித்திருக்கிறேன். காரணத்தைச் சொல்லாமல் அடிப்பது முறையல்ல என்பதால் இந்தக் கடிதம்.

உங்கள் திட்டப்படி நான்கு பெரிய பள்ளிகள், பள்ளிக்கு 100 பேர், ஆக 400 பேர். நான் சொல்வது 40 பள்ளிகள், பள்ளிக்கு 10 பேர். அதுவும் 400 பேர்தான். உங்கள் வழியில் நான்கைந்து நாட்களில் களப்பணி முடிந்துவிடும். என் வழியில் நாளுக்கு இரண்டு பள்ளி என்றாலும் 20 வேலைநாட்கள் ஆகும். ஜீப் செலவும் கூடும். தலைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது எதற்கு இந்த அலைச்சல் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

400 என்ற எண்ணை நீங்கள் வரவழைத்த கணக்கில் பிழை இல்லை. பாதிப்பு 30 சதவீதம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, 95 சதவீத நம்பகத்தோடு கணக்கிட்டால், 400 பேரில் கிடைக்கும் விடை ஏறத்தாழ 4.5 புள்ளி மேலே அல்லது கீழே போகலாம். 100 பேர் என்றால் அந்த இடைவெளி 9 புள்ளி. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பிள்ளைகள் தேவை என்பதும் இதிலிருந்தே தெரியும். ஆனால் அந்தச் சூத்திரம் மாவட்டத்தின் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒரே பட்டியலில் எழுதி, அதிலிருந்து ஒவ்வொருவராகக் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் பொருந்தும். நீங்கள் குலுக்கி எடுக்கப்போவது பிள்ளைகளை அல்ல, பள்ளிகளை.

நம் மாவட்டத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. இங்கே நிலத்தடி நீர் கடினப் பாறையின் வெடிப்புகளில் நிற்கிறது. பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரைகிறது. ஓர் ஆழ்துளைக் கிணற்றில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்புக்குள் இருக்கும் நீர், சற்றுத் தொலைவில் உள்ள இன்னொரு கிணற்றில் அதைத் தாண்டிவிடும். ஒரே ஊர்ப் பிள்ளைகளோ ஒரே மேல்நிலைத் தொட்டியின் நீரைக் குடித்து வளர்ந்தவர்கள். பல்லின் எனாமல் உருவாகும் சிறு வயதில் குடித்த நீர்தான் பாதிப்பைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு பள்ளியில் முதல் பத்துப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்துவிட்டால், அடுத்த தொண்ணூறு பேரும் பெரும்பாலும் அதே கதையைத்தான் திரும்பச் சொல்வார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் எடுத்த நான்கு பள்ளிகளில் பாதிப்பு முறையே 10, 20, 35, 55 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30. குலுக்கலில் 55 சதவீதப் பள்ளிக்குப் பதிலாக 15 சதவீதப் பள்ளி ஒன்று வந்திருந்தால் சராசரி 20. அப்போதும் 400 பேரைப் பரிசோதித்திருப்பீர்கள், ஒவ்வொருவரின் பாதிப்பையும் அதைத் தரப்படுத்தும் டீன் குறியீட்டின்படி சரியாகவே பதிந்திருப்பீர்கள். ஒரே ஒரு பள்ளி மாறியதில் மாவட்டத்தின் விடை 10 புள்ளி இறங்கிவிட்டது. 4.5 புள்ளிதான் பிழை என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

இதை அளக்க ஒரு வழி உண்டு. ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணாகக் கொள்கிறோம். இந்த உதாரணத்தில் அது சுமார் 0.2. பள்ளிக்கு எத்தனை பேரோ அதில் ஒன்றைக் கழித்து, இந்த எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். உங்கள் திட்டத்தில் 99-ஐ 0.2-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 20.8. இதுதான் வடிவமைப்பு விளைவு. 400-ஐ இதனால் வகுத்தால் 19. அதாவது நானூறு பேரைப் பார்த்தும், குலுக்கி எடுத்த 19 பேர் தரும் தகவல்தான் உங்கள் கையில் இருக்கும். பிழை 20 புள்ளி. அதுவே தாராளமான கணக்கு. நான்கே பள்ளிகளை வைத்துப் பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாட்டையே நம்பகமாக அளக்க முடியாது என்பதால், முறைப்படி பார்த்தால் பிழை இன்னும் விரியும்.

40 பள்ளிகள், பத்துப் பத்துப் பேர் என்றால் விளைவு 2.8தான். 143 பேருக்குச் சமமான தகவல் கிடைக்கும். பிழை 7.5 புள்ளி. வண்டிச் செலவுதான் கவலை என்றால் 20 பள்ளிகளில் 200 பேரைப் பாருங்கள். பிழை ஏறத்தாழ 11 புள்ளி. பாதிப் பிள்ளைகளைப் பார்த்தே உங்கள் நானூறை அது தோற்கடித்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் 80 பள்ளிகள், பள்ளிக்கு ஐந்து பேர் என்று போனால் பிழை 6 புள்ளியாகக் குறையும். ஒன்றரைப் புள்ளிக்காக இரு மடங்கு பயணம் செய்வது நம் குழுவின் அளவுக்குத் தகாது. 40 என்று நான் நின்றது அதனால்தான்.

பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். சாலையோரப் பெரிய பள்ளிகளுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் முன்பே வந்திருக்கலாம், உள்ளடங்கிய ஊர்கள் இன்னும் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கலாம். போய்வர வசதியான பள்ளிகளை மட்டும் எடுத்தால் வரும் சாய்வை எத்தனை ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்தாலும் போக்க முடியாது. எல்லாப் பள்ளிகளின் ஏழாம் வகுப்பு எண்ணிக்கையையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 6,000 என்று வந்தால் 40-ஆல் வகுக்க 150. ஒன்றுக்கும் 150-க்கும் இடையே ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து 150 பேருக்கு ஒருமுறை எந்தப் பள்ளி வருகிறதோ அதைக் குறியுங்கள். பெரிய பள்ளிக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் எல்லாப் பள்ளியிலும் பத்துப் பேரே என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சம வாய்ப்பு. அன்று வராதவர்களுக்கும் பெற்றோர் ஒப்புதல் கிடைக்காதவர்களுக்கும் ஈடாக, பள்ளிக்கு 12 பெயர்களைக் குலுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியர் கைகாட்டும் பிள்ளைகளை எடுக்க வேண்டாம்.

உங்கள் இரண்டாவது நோக்கத்தை நீக்கியிருக்கிறேன், வருத்தத்தோடுதான். ஒகேனக்கல் நீர் வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் அருமையானது. ஆனால் 40 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, பிள்ளைகளை நேரடியாகக் குலுக்கி எடுத்தாலே ஒவ்வொரு தரப்பிலும் 350 பேருக்கு மேல் வேண்டும். அதை 2.8-ஆல் பெருக்கினால் தரப்புக்கு ஏறத்தாழ 1,000 பேர், 100 பள்ளிகள். 40 பள்ளிகளில் இதைச் செய்து ‘வேறுபாடு இல்லை’ என்று முடிவு வந்தால், குடிநீர்த் திட்டத்தால் பயனில்லை என்று யாராவது அதைப் படித்துவிடுவார்கள். உண்மையில் நம் ஆய்வுக்கு அதைக் காணும் கண் இல்லை என்பதுதான் பொருள்.

நம் மாவட்டத்துக்கும் 0.2 பொருந்தும் என்பது என் ஊகம். முதல் பத்துப் பள்ளிகள் முடிந்ததும் பள்ளிவாரி எண்ணிக்கையை எனக்கு அனுப்புங்கள். உண்மையில் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். 0.3 அளவுக்குப் போனால் இன்னும் பத்துப் பள்ளிகள் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கான நாட்களையும் செலவையும் இப்போதே திட்டத்தில் எழுதிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேற்பார்வையாளர்