ஸ்டாக்கா, வாரச் சுற்றா, பங்குக் கூடையா: உழவர் கூட்டுறவுத் தளம் எதை எண்ணி விற்பது?

வீடுகளுக்கு நேரடியாக விற்கத் தளம் போடலாம் என்று ஒரு உழவர் கூட்டுறவு கூடி உட்கார்ந்தால், எந்த மென்பொருள் என்பதில்தான் பேச்சு முதலில் போய் நிற்கும். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு. "வாங்கு" பொத்தானுக்குப் பக்கத்தில் "இன்னும் 40 கிலோ" என்று ஒரு எண் வரப்போகிறதே, அது எதை எண்ணுகிறது? பறித்து வைத்ததையா, செடியில் தொங்குவதையா, இனிமேல் விளையப்போவதையா? இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்து மூன்று வகைத் தளங்கள் வரும்.

முதலாவது சாதாரணக் கடை முறை. கையில் உள்ள ஸ்டாக்கைப் போட்டு, தீரும் வரை விற்பது. எந்தக் கடை மென்பொருளிலும் இது தயாராக இருக்கிறது, கட்டணம் வாங்கும் வசதியோடு. சிக்கல் என்னவென்றால், காய்கறியில் அந்த ஸ்டாக் எண்ணை யாராலும் நேர்மையாக நிரப்ப முடியாது. முதலில் பறித்துவிட்டு விற்றால், விற்காதது வாடும். பறிக்காமல் எண்ணைப் போட்டால், ஊகத்தை அலமாரியில் இருக்கும் பொருளாகக் காட்டுகிறோம். போதாததற்கு ஆர்டர்கள் திங்கள் இரண்டு, செவ்வாய் ஐந்து என்று சிதறி வரும். அவற்றுக்காகத் தினமும் வண்டி எடுக்க முடியாது. பருப்பு, தேன், நன்றாக முற்றிய பூசணி போன்று வைத்திருந்து விற்கக்கூடியவற்றுக்கு மட்டும் இது ஒத்து வரும்.

இதற்கு நேர் எதிர்முனை பங்குக் கூடை. பருவத் தொடக்கத்திலேயே குடும்பங்கள் பணம் கட்டிவிடும்; வாராவாரம் எது விளைந்ததோ அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஜப்பானில் 1970-களில் பரவிய தெய்கெய் ஏற்பாடும், அமெரிக்காவில் 1986-இல் இரண்டு பண்ணைகளில் தொடங்கிய சி.எஸ்.ஏ. என்ற சமூக ஆதரவு வேளாண்மை முறையும் இந்த வகைதான். தளம் எழுதுபவருக்கு இதில் வேலை மிகக் குறைவு: உறுப்பினர் பட்டியல், யார் எந்த பிக்கப் பாயின்ட், எந்த வாரம் ஊரில் இல்லை, அவ்வளவுதான். பொருள்வாரியாக எண்ணவே தேவையில்லை. விளைச்சல் ஒரேயடியாகக் கொட்டும் வாரத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தொடர்ந்து மூன்றாவது வாரமும் அதே சுரைக்காய் வந்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எதை வாங்குவது என்று தாமே தேர்ந்தெடுத்துப் பழகிய குடும்பங்கள் அடுத்த பருவத்துக்குத் திரும்புவது கடினம்.

இடையில் இருப்பது வாரச் சுற்று. என் ஓட்டு இதற்குத்தான். ஞாயிறு மாலை ஆர்டர் திறக்கும், புதன் இரவு மூடும், வெள்ளி பறிப்பு, சனிக்கிழமை காலை பிக்கப். பிரான்சில் 2011-இல் தொடங்கிய 'லா ருஷ் கி தி வி' என்ற நேரடி விற்பனைத் தளம் இதே போன்ற வாராந்திர ஓட்டத்தில்தான் இயங்குகிறது. அதில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு: ஒவ்வொரு விவசாயியும் குறைந்தபட்ச ஆர்டர் ஒன்றை வைக்கலாம், அதை எட்டாவிட்டால் அந்த வாரம் அவர் வரத் தேவையில்லை. ஆறு கிலோவுக்காக வண்டி எடுத்து வந்து கைநட்டப்படுவதை இது தடுக்கும்.

சுற்று முறையில் எண்ணப்படுவது வாக்குறுதி. அது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். இந்த வாரத் தக்காளிக்கு மூன்று விவசாயிகள் முறையே 60, 45, 30 கிலோ தருவதாகச் சொல்கிறார்கள். மொத்தம் 135. இதை அப்படியே தளத்தில் போடக் கூடாது. முந்தைய சுற்றுகளில் கேட்டதில் எவ்வளவு வந்தது என்ற விகிதம் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். முதலாமவர் 90 சதவீதம், இரண்டாமவர் முழுதும், மூன்றாமவர் 70 சதவீதம் என்றால் 54, 45, 21 என்று ஆகி, தளத்தில் காட்டும் உச்ச வரம்பு 120 கிலோ. இந்த விகிதத்தை விவசாயிக்கும் காட்டுங்கள். மறைத்து வைத்தால், "நான் 30 சொன்னேன், ஏன் 21 போட்டீர்கள்?" என்று சண்டை வரும்.

ஆர்டர் வரும்போது வரம்பைத் தாண்டாமல் பார்ப்பது தளத்தின் வேலை. கடைசி இரண்டு கிலோவுக்கு இருவர் ஒரே நொடியில் அழுத்தினால், "முதலில் எண்ணைப் படி, அப்புறம் கழி" என்று எழுதிய நிரல் இருவருக்கும் விற்றுவிடும். சரிபார்ப்பதும் கழிப்பதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும்:

```sql
UPDATE offer
SET reserved = reserved + 2
WHERE id = 41 AND reserved + 2 <= cap;
```

மாறிய வரிசை பூஜ்யம் என்று பதில் வந்தால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கூடையில் போடும்போது ஓட்டாதீர்கள். ஆர்டரை உறுதி செய்யும்போது ஓட்டுங்கள். இல்லையென்றால், வெறுமனே பார்த்துவிட்டுப் போனவர்களின் கூடைகளில் பாதித் தக்காளி மாட்டிக்கொள்ளும்.

புதன் இரவு மூடும்போது இரண்டு கிலோ ஆர்டர்கள் 56, ஆக 112 கிலோ. இப்போது தளம் மூவருக்கும் பறிப்புப் பட்டியல் அனுப்புகிறது. அவரவர் பங்கின் விகிதத்தில் பிரித்தால் ஏறத்தாழ 50, 42, 20. விவசாயி பறிப்பது இந்த அளவைத்தான். ஸ்டாக் முறையில் கிடைக்காத நன்மை இதுதான். ஆனால் எல்லாப் பயிரும் பொறுத்திருக்காது. பூசணி கொடியிலேயே இன்னொரு வாரம் இருக்கும். வெண்டையை இரண்டு நாள் விட்டால் நார் விழுந்துவிடும். அதனால் வெண்டை போன்றவற்றில் ஆர்டர் போக மிஞ்சுவதைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பங்குக் கூடைக் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தால் நல்லது. இரண்டு முறையையும் கலக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்.

வியாழன் இரவு மழை. பழுத்த தக்காளி வெடிக்கிறது. வெள்ளியன்று வந்து சேர்ந்தது 50, 42, 10. பத்து கிலோ குறைவு. யாருக்குக் குறைப்பது? யாரும் முடிவெடுக்காவிட்டால் அது தானாகவே முடிவாகிவிடும்: கடைசியாக எந்த பிக்கப் பாயின்டின் கிரேட்டுகளை அடுக்குகிறார்களோ, அந்த இடம் முழுக்கத் தக்காளி இல்லாமல் போகும். ஒரே தெருவில் ஐந்து வீட்டுக்கும் தக்காளி இல்லை என்றால், அடுத்த வாரம் அந்த இடத்திலிருந்து ஆர்டர் வராது. எடை போட்டு விற்பதை எல்லோருக்கும் சம விகிதத்தில் குறைப்பதே நல்லது. 102-ஐ 112-ஆல் வகுத்தால், இரண்டு கிலோ கேட்டவருக்கு 1.82 கிலோ. யாரும் வெறுங்கையோடு போகவில்லை. பூசணிபோல எண்ணிக்கையில் விற்பதை இப்படி வெட்ட முடியாது. அங்கே கடைசியாக ஆர்டர் செய்தவரிலிருந்து மேலே வர வேண்டும். இந்த விதியை ஆர்டர் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

1.82 கிலோ என்றவுடனே பணக் கேள்வி வருகிறது. ஆர்டர் போட்டவுடன் முழுத் தொகையும் எடுத்தால், ஒவ்வொரு வாரமும் ஏகப்பட்ட சில்லறை ரீஃபண்டுகள். கார்டில் தொகையை நிறுத்தி வைத்து, எடை போட்ட பிறகு எடுப்பது சுத்தமான வழி. ஆனால் அந்த நிறுத்தம் பெரும்பாலும் ஒரு வாரம் போலத்தான் தாங்கும். ஞாயிறு முதல் சனி வரையான சுற்றுக்கே அது இழுபறி. மாதக்கணக்கான முன்பதிவுக்கு உதவவே உதவாது. உறுப்பினருக்குத் தளத்திலேயே ஒரு கணக்கு வைத்து, குறைந்த தொகையை அதில் வரவு வைத்துவிடுவது கூட்டுறவுக்கு எளிது. அடுத்த ஆர்டரில் அது கழிந்துவிடும்.

பிக்கப் பாயின்டில் செய்யக்கூடிய பெரிய தவறு, அதை உறுப்பினரின் முகவரிபோலச் சேமிப்பது. ஆட்கள் வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்வார்கள். அது ஆர்டரோடு ஒட்ட வேண்டும். தேதியும் நேரமும் சுற்றோடும் இடத்தோடும் சேர்ந்து வர வேண்டும். அப்போதுதான் ஓர் இடத்தில் இந்த வாரம் நேரம் மாறினால் ஒரே பதிவைத் திருத்தினால் போதும். இன்னொன்று, ஒவ்வொரு இடத்துக்கும் வரம்பு வையுங்கள், அதுவும் கிரேட் கணக்கில். திண்ணையோ கடை மூலையோ தந்தவருக்கு முப்பது ஆர்டர் என்பது எட்டு கிரேட்டா பதினைந்தா என்பதுதான் முக்கியம். பூசணிப் பருவத்தில் அது இரட்டிப்பாகும். எடுக்க வராதவரின் கீரையை எத்தனை மணிக்கு மேல் அங்கிருப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் எழுதிவிட்டால் அவருக்குத் தலைவலி குறையும்.

பருவகாலத்தைக் காட்ட மாதவாரி அட்டவணை போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அது அழகாக இருக்கும், ஆனால் செடி அதைப் படிப்பதில்லை. பொருளின் பக்கத்தை எப்போதும் உயிரோடு வைத்து, மூன்று நிலைகளில் ஒன்றைக் காட்டுவது போதும்: இந்தச் சுற்றில் உண்டு, வரும் சுற்றுகளில் எதிர்பார்க்கிறோம், பருவம் முடிந்தது. இரண்டாவது நிலையில் "சொல்லி வை" என்று ஒரு பொத்தான். அதில் பணமும் இல்லை, தேதியும் இல்லை. காய் முற்றும் சுற்று திறக்கும்போது, சொல்லி வைத்தவர்களுக்கு ஒரு நாள் முன்னதாக ஆர்டர் திறக்கும். பருவப் பழத்துக்கு முழுப் பணம் வாங்கித் தேதியும் கொடுத்து விற்பதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் பூ உதிர்ந்த வருடத்தில் திருப்பித் தர எதுவும் இருக்காது.

இனி மென்பொருள். பொதுவான கடை மென்பொருள்கள் முதல் முறைக்காக எழுதப்பட்டவை; சுற்று, விவசாயிவாரிப் பறிப்புப் பட்டியல் இரண்டையும் செருகுநிரல்களால் ஒட்டவைக்க வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவில் 2012-இல் தொடங்கிய ஓப்பன் ஃபுட் நெட்வொர்க் என்ற திறமூல மென்பொருளில் ஆர்டர் சுற்று அடிப்படையிலேயே இருக்கிறது. விவசாயிவாரியாகவும் வாடிக்கையாளர்வாரியாகவும் பேக்கிங் பட்டியல் எடுக்கலாம், உண்மையான எடையைப் போட்டால் விலையும் மாறும். மேலே சொன்ன விகிதக் கழிவையும் சமக் குறைப்பையும் மட்டும் வெளியே விரிதாளில் போட்டுக்கொள்ளலாம். ஐம்பது குடும்பம் வரை ஒரு படிவமும் ஒரு விரிதாளுமே தாங்கும். வெள்ளி இரவு பேக்கிங் பட்டியலைக் கையால் திருத்த ஒருவர் விழித்திருக்க வேண்டிய நிலை வந்தால், அப்போது மாறிக்கொள்ளலாம்.