பெயரைத் திருத்திவிடும் கைப்பேசி: எந்த வழி எதுவரை காப்பாற்றும்?

கோலாலம்பூரில் பிள்ளைகளின் டியூஷன், சமய வகுப்பு, பள்ளி வேன் எல்லாமே இன்று புலனக் குழுக்களில்தான் ஓடுகின்றன. ஒரு செய்தியை ஆங்கிலத்தில் தட்டுகிறோம், அடுத்ததை மலாயில், அதற்கடுத்ததை ஆங்கில எழுத்தில் தமிழாக. இந்தக் கலவையில் முதலில் அடிபடுவது பிள்ளையின் பெயர்தான். பெற்றவர்கள் தேடித் தேடி வைத்த பெயர் குழுவில் நாற்பது பேர் முன்னால் வேறொரு சொல்லாகப் போய் நிற்பதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. அதனால் இதற்குச் சொல்லப்படும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கயல் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் `Kayal` என்று தட்டி இடைவெளி விட்டால், அது `Kayak` ஆகிவிட வாய்ப்பு அதிகம். விசைப்பலகையில் l, k இரண்டும் ஒட்டியிருக்கும் விசைகள். அகராதியில் இல்லாத ஒரு சொல்லின் கடைசி எழுத்தைப் பக்கத்து விசைக்கு மாற்றினால் எல்லாருக்கும் தெரிந்த சொல் கிடைக்கிறது என்றால், விரல் சறுக்கிவிட்டது என்று பலகை முடிவு செய்கிறது. மலாய் மொழியும் சேர்ந்திருக்கும் பலகையில் இன்னொரு பக்கம் `khayal` காத்திருக்கிறது. அதற்கு ஓர் எழுத்தைக் கூட்டினால் போதும். மைக்கை அழுத்தி ஆங்கிலத்தில் பேசினால் விரலுக்கு வேலையே இல்லை, ஒலிதான் கணக்கு. அப்போது `Kyle` என்று வந்து நிற்கும். ஒரே பெயருக்கு மூன்று தவறுகள் வருகின்றன, மூன்றுக்கும் காரணம் வேறு. ஒரே மருந்து மூன்றையும் குணப்படுத்தாததும் இதனால்தான்.

பலரும் முதலில் சொல்வது, தானாகத் திருத்துவதையே அணைத்துவிடு என்பது. ஐபோனில் Settings, General, Keyboard வழியாகப் போய் Auto-Correction-ஐ அணைக்கலாம். கூகுளின் பலகையான ஜிபோர்டில் அதன் அமைப்புகளுக்குள் Text correction பகுதியில் இருக்கிறது. சாம்சங் பலகையில் Auto replace என்ற பெயரில், மொழிவாரியாகத் தனித்தனியே அணைக்கும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் ஆங்கிலத்துக்கு விட்டுவைத்து மலாய்க்கு மட்டும் நிறுத்தலாம். அணைத்தாலும் மேலே உள்ள பரிந்துரை வரிசையை வைத்துக்கொள்ளலாம். சொல்லைக் காட்டும், நீங்கள் தொடாமல் மாற்றாது. நாள் முழுக்க `vaanga`, `saptiya` என்று ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுபவருக்கு இதுதான் சரி. அவருக்குப் பெயர் மட்டுமா, பாதி வாக்கியமே திருத்தத்தில் சிக்குகிறது. ஆனால் அலுவலக மின்னஞ்சலையும் அதே கைப்பேசியில் ஆங்கிலத்தில் எழுதுபவர், ஒரு பெயருக்காக எல்லாத் தட்டுப்பிழைகளையும் தாமே திருத்த வேண்டியிருக்கும். அந்த விலை எனக்கு அதிகமாகப் படுகிறது. இன்னொன்று, இந்தப் பொத்தான் குரல் வழி எழுதுவதைத் தொடவே தொடாது. அணைத்த பிறகும் `Kyle` வரும்.

பெயரை அகராதியில் ஏற்றுவது இரண்டாவது வழி. விரலால் எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதைத்தான் நான் சொல்வேன், ஆனால் எப்படி ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐபோனில் Settings, General, Keyboard, Text Replacement. அங்கே Phrase என்ற இடத்தில் `Kayal` என்று எழுதி, Shortcut இடத்தைக் காலியாகவே விடலாம். அந்தச் சொல் செல்லும் என்று பலகை ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். Shortcut-இல் சிறிய எழுத்தில் `kayal` என்று போட்டால் கூடுதலாக ஒரு பயன் உண்டு: அவசரத்தில் சிறிய எழுத்தில் தட்டினாலும் பெரிய K-யோடு வரும். ஐகிளவுட் இயங்கினால் ஐபேடுக்கும் அடுத்து வாங்கும் ஐபோனுக்கும் இந்தப் பட்டியல் தானாகப் போய்ச் சேரும்.

ஜிபோர்டில் Dictionary, அதற்குள் Personal dictionary. இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல். இரண்டு மூன்று மொழிகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த அகராதி மொழிவாரியாகப் பிரிந்திருக்கும். பெயரை ஆங்கிலத்தின் கீழ் மட்டும் ஏற்றினால் ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் அது பாதுகாப்பாக இருக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான பட்டியலில் ஏற்றினால்தான் மலாய்க்கு மாறினாலும் நிற்கும். ஏற்றிய கையோடு மூன்று வரிகளைத் தட்டிப் பாருங்கள்:

```
kayal is late today
kayal nak balik pukul 5
tell kayal to bring the book
```

வெறும் பெயரை மட்டும் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அடுத்த சொல்லைத் தட்டிய பிறகு, பின்னால் போய் முந்தைய சொல்லை மாற்றும் பழக்கம் பலகைகளுக்கு உண்டு. முதல் வரி சரி, இரண்டாவது வரியில் `khayal` என்றால், பெயர் ஆங்கிலப் பட்டியலில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது வரியில் பெயர் மாறாமல் சிறிய k-யோடு நின்றால் அகராதிப் பதிவில் பெரிய எழுத்து விட்டுப்போயிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் `Kayak` பரிந்துரை வரிசையில் முன்னால் வந்து நின்றால், ஜிபோர்டில் அதை அழுத்திப் பிடித்து மேலே தோன்றும் குப்பைத்தொட்டிக்கு இழுத்துவிடலாம். ஐபோனில் iOS 17 முதல், மாற்றப்பட்ட சொல்லுக்குக் கீழே கொஞ்ச நேரம் ஒரு கோடு தெரியும். அதைத் தொட்டால் நீங்கள் தட்டிய சொல்லைத் திரும்ப எடுக்கலாம். அனுப்பும் முன் கண் அங்கே போகப் பழகிவிட்டால் அகராதியில் இல்லாத புதுப் பெயரும் தப்பிக்கும்.

மூன்றாவது வழி தொடர்புப் பட்டியல். பெயரை ஒரு தொடர்பாகச் சேமித்தால் பலகை அதையும் தெரிந்த சொல்லாக எடுத்துக்கொள்ளும். ஐபோனில் இதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஜிபோர்டில், தொடர்புகளின் பெயர்களைப் பரிந்துரைக்கும் பொத்தான் Text correction பகுதியில் திறந்திருக்க வேண்டும், தொடர்புகளைப் பார்க்கும் அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். அகராதியைவிட இதன் பிடி கொஞ்சம் தளர்வுதான். ஆனால் இதற்கு மட்டும் ஒரு பலம் உண்டு: பேச்சை எழுத்தாக்கும் பகுதியையும் எட்டக்கூடியது இதுதான். நீங்கள் அகராதியில் ஏற்றியதைக் குரல் பகுதி மதிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. தொடர்புகளில் உள்ள பெயர்களுக்கு அது கூடுதல் இடம் கொடுக்க வழி இருக்கிறது. கொடுத்தாலும் சத்தமான கடையில், வேகமாகப் பேசினால் `Kyle` திரும்பி வரும். ஒலியும் வாக்கியத்தில் சொல் வரும் இடமும் இரண்டும் சந்தேகமாக இருக்கும்போது குரல் பகுதி அடிக்கடி வரும் சொல்லின் பக்கமே சாயும்.

குரலில் எழுதுபவர்களுக்கு மேலே சொன்ன எதையும்விட நல்ல வழி, செய்தியையே தமிழில் சொல்வது. கூகுளின் பேச்சறியும் பட்டியலில் மலேசியத் தமிழுக்கு `ta-MY` என்று தனிக் குறியீடே இருக்கிறது. ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, தமிழ்ப் பலகைக்கு மாறி, பிறகு மைக்கை அழுத்த வேண்டும். மைக் எந்த மொழியைக் கேட்கும் என்பது அப்போது எந்தப் பலகை திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. “கயல் இன்னைக்கு லேட்டா வருவா” என்று சொன்னால் கயல் கயலாகவே வரும், ஏனென்றால் அங்கே அது வழக்கத்தில் உள்ள சொல். இதன் குறை, நடுவில் வரும் ஆங்கில, மலாய்ச் சொற்களும் தமிழ் எழுத்தில் வரக்கூடும். தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோர் இருக்கும் குழுவுக்கு இது ஒத்துவராது. தமிழ்ப்பள்ளிக் குழுவுக்கு இதைவிட வேறு வேண்டாம்.

தமிழ் எழுத்தில் விரலால் எழுதுவது என்றால் இன்னும் எளிது. நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்ப் பலகையில் அஞ்சல் முறையைத் தேர்ந்தெடுத்து `kayal` என்று தட்டினால் கயல். ஒவ்வொரு விசைக்கும் என்ன எழுத்து என்பது விதிப்படி தீர்ந்துவிடுவதால், நீங்கள் எந்த எழுத்தை நினைத்தீர்கள் என்று அது ஊகிக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லை எதிர்பார்த்துப் பெயரைக் கெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஆங்கிலத்திலேயே பேசி எழுத வேண்டியவர்களுக்கு இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. ஐபோனின் Accessibility பகுதியில் உள்ள Voice Control-இல் Vocabulary என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஏற்றும் சொற்களை, அந்த முறையில் பேசும்போது கைப்பேசி எதிர்பார்த்துக் கேட்கும். ஆனால் அது பலகையில் உள்ள மைக்குக்குப் பொருந்தாது. கையால் தொடாமல் கைப்பேசி முழுவதையும் குரலால் இயக்குபவர்களுக்காகச் செய்த முறை அது. இயங்கும்போது உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கை வலியால் எல்லாவற்றையும் பேசியே எழுதுபவருக்கு உண்மையான தீர்வு. இரண்டு பெயருக்காக மற்றவர்கள் அதைத் திறந்துவைப்பது வேண்டாத சுமை.

எனக்குப் பிடித்தது மற்றது. iOS 16 முதல், அதை ஏற்கும் ஐபோன்களில், பேசிக்கொண்டிருக்கும்போதும் பலகை மறையாது. “Tell” என்று சொல்லி நிறுத்துங்கள், பெயரை விரலால் தட்டுங்கள், மீதியைப் பேசுங்கள். அகராதியில் பெயர் ஏற்கெனவே இருப்பதால் தட்டிய பகுதி மாறாது. ஜிபோர்டில் பல கைப்பேசிகளில் தட்டியதும் மைக் நின்றுவிடும், மறுபடி அழுத்த வேண்டும். ஒரு தொடுதல் அதிகம்தான், ஆனால் அனுப்பிய செய்தியைத் திருத்துவதைவிடக் குறைவு.

முப்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர் முப்பது பெயரையும் அகராதியில் ஏற்ற வேண்டியதில்லை. நம்மில் பலர் பெற்றோரை `Kayal Amma`, `Kayal Appa` என்றுதான் சேமிக்கிறோம். பலகை தொடர்பின் பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து எடுத்துக்கொள்வதால், அந்த எண்ணைச் சேமித்ததிலேயே `Kayal` உள்ளே வந்துவிடுகிறது. பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி `Kayalvizhi` என்று ஒரே சொல்லாகச் சேமித்தால் இது நடக்காது. முழுப் பெயர் தப்பிக்கும், கூப்பிடும் பெயர் மறுபடி `Kayak` ஆகும். அதனால் வகுப்பில் எப்படிக் கூப்பிடுகிறோமோ அந்தப் பெயரும் தொடர்பில் தனிச் சொல்லாக இருக்கட்டும். அப்படியும் மாறுகிற இரண்டு மூன்று பெயர்களை மட்டும் அகராதியில் ஏற்றினால் போதும்.