வருமான வரி நோட்டீஸுக்கு ‘ஆடிட்டர்’ பிடித்த கதை: 8,000 ரூபாயில் தொடங்கி 57,000-இல் முடிந்தது

போன வருடம் ஜனவரியில் வீட்டுக்கடனுக்காக வங்கியில் உட்கார்ந்திருந்தேன். என் வருமான வரிக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து, “எந்தக் கட்சிக்கு சார் நன்கொடை கொடுத்தீங்க?” என்று கேட்டார். நான் வாழ்நாளில் எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் கொடுத்தவனில்லை. ஆனால் என் கணக்கில் 45,000 ரூபாய் அரசியல் நன்கொடை இருந்தது. சொந்த வீட்டில் குடியிருக்கிற எனக்கு, வாடகை கொடுத்ததாகச் சொல்லி 72,000 ரூபாய் வீட்டு வாடகைப் படிக் கழிவும் இருந்தது. 2025 ஜனவரியில் நடந்த இதை இப்போதுதான் எழுத முடிகிறது. இதைச் செய்த ‘ஆடிட்டரிடம்’ கோயம்புத்தூரில் எங்கள் அலுவலகத்திலிருந்தே போனவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் தப்பு என் பக்கம்தான். 2022 ஜூலை வரை ஒரு கம்பெனி, ஆகஸ்ட்டிலிருந்து இன்னொன்று. பழைய இடத்தில் நான்கு மாதச் சம்பளம் 2,40,000. அதில் 5,720 ரூபாயை டிடிஎஸ் என்று சம்பளத்திலேயே வரியாகப் பிடித்திருந்தார்கள். புது இடத்தில் எட்டு மாதத்துக்கு 5,76,000. அங்கே டிடிஎஸ் பிடிக்கவே இல்லை, ஏனென்றால் பழைய சம்பளத்தை நான் அவர்களிடம் சொல்லவில்லை. 2023 ஜூலையில் நானே கணக்குத் தாக்கல் செய்தேன். புது கம்பெனி கொடுத்த சம்பள, வரிச் சான்றான ஃபார்ம் 16-இல் இருந்த சம்பளத்தை மட்டும் போட்டேன். டிடிஎஸ் பகுதி தானாகவே நிரம்பி வந்ததால் பழைய கம்பெனியின் 5,720-ம் அதில் உட்கார்ந்துகொண்டது. 5,720 ரூபாய் திரும்பி வரும் என்று திரை காட்டியது. சந்தோஷமாக அனுப்பிவிட்டேன்.

செப்டம்பரில் 139(9) பிரிவில் நோட்டீஸ் வந்தது. குறையுள்ள கணக்கு என்று அர்த்தம். டிடிஎஸ் கேட்டிருக்கிறாய், ஆனால் அதற்குரிய வருமானத்தைக் காட்டவில்லை என்பதுதான் குறை. பதில் சொல்ல 15 நாள் கெடு. அதற்குள் சரிசெய்யாவிட்டால் கணக்கே தாக்கலாகாததுபோல் ஆகிவிடலாம். அந்த வரியைப் படித்ததும் கை நடுங்கியது, உண்மை.

இப்போது தெரிகிறது, இதற்கு ஆளே தேவைப்பட்டிருக்காது. இது யாரும் என்னைச் சந்தேகித்து அனுப்பிய நோட்டீஸ் இல்லை. பெங்களூரில் உள்ள மையத்தில் கணினி இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பியது. இரண்டு ஃபார்ம் 16-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய சம்பளத்தைச் சேர்த்து, திருத்திய கணக்கை அந்த நோட்டீஸுக்குப் பதிலாக ஏற்றியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் வரி கட்ட வேண்டியிருந்திருக்கும், அது வேறு விஷயம். இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாக 50,000 நிலையான கழிவையும் அடிப்படை விலக்கையும் கொடுத்துவிட்டன. சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 8,16,000. அதில் 50,000-மும், 80சி சேமிப்புகளில் நான் உண்மையாகவே போட்டிருந்த 1,50,000-மும் கழித்தால் 6,16,000. பழைய முறைப்படி செஸ்ஸோடு வரி 37,128. டிடிஎஸ் போக 31,408 கட்ட வேண்டும். வட்டியும் சேர்த்து அந்த மாதமே கட்டியிருந்தால் 35,000-க்குள் முடிந்திருக்கும்.

நான் என்ன செய்தேன்? பக்கத்து இருக்கை நண்பர் “நம்ம ஆடிட்டர் ஒருத்தர் இருக்கார்” என்றார். நம் ஊரில் கணக்குத் தாக்கல் செய்பவர் எல்லோருமே ஆடிட்டர்தான். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து தாக்கல் செய்தாலும் ஆடிட்டர்தான். இவர் அலுவலகம் வைத்திருந்தார், ஏசி இருந்தது, சுவரில் லட்சுமி படம் இருந்தது. பட்டயக் கணக்காளரா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உறுப்பினர் எண்ணை வாங்கி, பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான ஐசிஏஐ இணையதளத்தில் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்திருக்கலாம். பின்னால் தேடினேன், அந்தப் பெயரில் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “கட்டினா முப்பதாயிரத்துக்கு மேல ஆகும். என்கிட்ட விட்டா ஒண்ணும் கட்ட வேண்டாம், ரீஃபண்டும் வரும். பெங்களூர் ஆபீசில் நமக்கு ஆள் இருக்கு.” பீஸ் முன்பணமாக 8,000, மிச்சமாகும் வரியில் 20 சதவீதம் தனி. இந்த வாக்கியத்திலேயே அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். மிச்சமாகும் வரியில் இத்தனை பங்கு என்று பீஸ் பேசுவதைப் பட்டயக் கணக்காளர்களின் நடத்தை விதி பொதுவாக அனுமதிப்பதில்லை. பங்கு பேசுகிறவருக்கு என் வரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வருமானம். எப்படிக் குறைந்தது என்பதற்குப் பதில் சொல்லப்போவது நான்தான், அவரல்ல. பெங்களூர் ஆள் கதையும் அப்படித்தான். கணினி அனுப்பிய நோட்டீஸில் ஆளைப் பிடித்து என்ன செய்ய?

அப்புறம் நான் கொடுத்த சாமான்களின் பட்டியல். பான், ஆதார், இரண்டு ஃபார்ம் 16, மூன்று வங்கிக் கணக்குகளின் ஒரு வருட அறிக்கை, வருமான வரி இணையதளத்தின் கடவுச்சொல். கடைசியாக, போனில் வந்த ஓடிபி-யைப் படித்துக் காட்டினேன், ஒருமுறை அல்ல, மூன்று முறை. முதல் ஓடிபி உள்ளே நுழைய என்று நினைத்தேன். உண்மையில் அதை வைத்து என் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் எடுத்துவிட்டு அவருடையதைப் பதிந்துகொண்டார். கடைசி ஓடிபி கணக்கை உறுதிசெய்ய. ஆதார் ஓடிபி கொடுத்தேன் என்றால் சட்டப்படி அந்தக் கணக்கில் நான் கையெழுத்துப் போட்டேன் என்று அர்த்தம். என்ன போட்டிருக்கிறார் என்று ஒரு பக்கம்கூடப் பார்க்கவில்லை.

அவர் செய்த கணக்கு எளிது. 6,16,000-இலிருந்து வாடகைப் படி 72,000, கட்சி நன்கொடை 45,000 என்று கழித்து 4,99,000-க்குக் கொண்டுவந்துவிட்டார். ஐந்து லட்சத்துக்குக் கீழே போனால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். 5,720 ரூபாய் ரீஃபண்டும் வந்தது. நானும் நன்றி சொல்லி அவர் பேசிய 20 சதவீதப் பங்கு 7,400-ஐ ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு “ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் சார் அதிகம்” என்றார்.

வங்கியில் அசிங்கப்பட்ட அன்று மாலையே உள்ளே நுழையப் பார்த்தேன், கடவுச்சொல் மாறியிருந்தது. நல்லவேளையாக ஆதாரோடு இணைந்த எண் என்னிடமே இருந்தது. `Forgot Password` போய் ஆதார் ஓடிபி வழியாக மாற்றினேன். `My Profile` பக்கத்தில் யாருடையதோ எண், யாருடையதோ மின்னஞ்சல். ஒன்றேகால் வருடமாக எனக்கு வரவேண்டிய எல்லாத் தகவலும் அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஆளின் போன் அணைக்கப்பட்டிருந்தது. காவல் நிலையத்திலும் போய்க் கேட்டேன். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஓடிபி நானே கொடுத்தது. மேற்கொண்டு பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

இந்தமுறை உறுப்பினர் எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஒரு பட்டயக் கணக்காளரிடம் போனேன். அந்த அம்மா கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. என்னையே என் மடிக்கணினியில் உள்ளே போகச் சொல்லி, முதலில் `e-Proceedings` பக்கத்தைத் திறக்கச் சொன்னார். ஏதாவது விசாரணை நிலுவையில் இருந்தால் அந்த வருடத்துக்குத் புதுப்பித்த கணக்கு, அதாவது ஐடிஆர்-யு, போட முடியாதாம். என்னுடையது காலியாக இருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று கொடுத்தார். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு ஐடிஆர்-யு தயாரித்துத் தாக்கல் செய்வது மட்டும்தான் வேலை, பீஸ் 6,000, ஜிஎஸ்டி தனி, பாதி முன்னால், பாதி தாக்கலுக்குப் பிறகு. துறை பின்னால் கேள்வி கேட்டால் அது தனி வேலை, தனி பீஸ், அப்போது பேசிக்கொள்ளலாம். என்ன எண் போகப்போகிறது என்பதை நான் வரைவில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஏற்றப்படும். கொடுக்க வேண்டியவை: இரண்டு ஃபார்ம் 16, என் டிடிஎஸ், வருமானம் பற்றித் துறையிடம் உள்ள பட்டியல்களான 26ஏஎஸ், ஏஐஎஸ், பழைய நோட்டீஸ், முன்பு போன இரண்டு கணக்குகளின் பிரதி. மூன்று வங்கிக் கணக்கையும் நான் நீட்டியபோது, “ரீஃபண்ட் வந்த பக்கம் மட்டும் போதும், மத்ததெல்லாம் எனக்கு எதுக்கு?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கேட்காததை வாங்க மறுக்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

கட்டியது: வரி 31,408, திரும்ப வாங்கிய 5,720, ஏப்ரல் 2023-லிருந்து மாதம் ஒரு சதவீத வட்டி, முன்வரி கட்டாத வட்டி, இத்தனைக்கும் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி. மொத்தம் 57,000 அளவு. மார்ச் 31-ஐத் தாண்டியிருந்தால் அந்த 25 சதவீதம் 50 ஆகியிருக்கும். போலி ஆளுக்குக் கொடுத்த 15,400 தனி.

என்ன நோட்டீஸுக்கு ஆள் வேண்டும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். நோட்டீஸ் எண் உண்மையா என்று முதலில் இணையதளத்தின் முகப்பிலேயே `Authenticate Notice/Order Issued by ITD` என்ற இடத்தில் பார்க்கச் சொன்னார். 139(9), 143(1) போன்றவற்றில் எந்த எண் எதோடு ஒத்துப்போகவில்லை என்று நோட்டீஸிலேயே இருக்கும், சம்பளக்காரர் ஒருநாள் உட்கார்ந்தால் தீர்த்துவிடலாம் என்றார். கணக்கை ஆழமாக ஆராயும் 143(2), பழைய வருடத்தை மீண்டும் திறக்கும் 148ஏ என்று வந்தால் சொந்தமாகப் பதில் எழுத வேண்டாம், அங்கே ஒரு வரி தப்பாகப் போனாலும் பின்னால் மேல்முறையீடு வரை தொடரும். அப்படிப்பட்ட வேலைக்கு ஒரே தொகை பேசாமல் முதல் பதில், அடுத்தடுத்த கேள்விகள், ஆணைக்குப் பின் மேல்முறையீடு என்று கட்டங்கட்டமாகப் பேசிக்கொள்ளச் சொன்னார். (இதெல்லாம் 1961 சட்டத்தின் பிரிவு எண்கள். 2025 சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன.)

எனக்கு அந்த ஆளை அறிமுகம் செய்த நண்பரையும் அன்றே கூப்பிட்டு அவர் கணக்கைத் திறக்கவைத்தேன். அங்கேயும் வேறு மின்னஞ்சல். ஆனால் அவருடைய `e-Proceedings` காலியாக இல்லை. 2024 ஜூனில் வந்த 143(2) நோட்டீஸ் ஏழு மாதமாகப் பதிலில்லாமல் கிடந்தது. அவருக்கு ஐடிஆர்-யு வழி அடைபட்டுவிட்டது. அதே அம்மாதான் அவருக்கும் பதில் எழுதினார், முதல் கட்டத்துக்கே 20,000. தவறாகக் காட்டிய வருமானத்துக்கு வரியில் 200 சதவீதம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. மூன்றாமவர் இன்னும் தன் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. ரீஃபண்ட் வந்துவிட்டதே, இனி என்ன என்கிறார்.