60,008 ரூபாயில் 10,008: தங்கையின் வீட்டுக் கடனோடு ஒரு காலைப்பொழுது

நல்லூர்த் திருவிழாவுக்காக இரண்டு கிழமை விடுப்பில் ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் போயிருந்தேன். கோண்டாவிலில் தங்கை கட்டிய புது வீட்டைப் பார்ப்பதும், அவளுடைய கடனுக்கு என்னால் முடிந்த 5 இலட்சம் ரூபாயைக் கொடுப்பதும்தான் பயணத்தின் மற்ற நோக்கங்கள். அந்தப் பணத்தை எப்படிக் கட்டுவது என்ற கேள்வியிலேயே ஒரு முழுக் காலைப்பொழுது போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஊர்க் கடனுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தங்கை எடுத்தது 50 இலட்சம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், முதல் 5 ஆண்டுகளுக்கு மாறாது. தவணைக் காலம் 15 ஆண்டுகள், அதாவது 180 மாதங்கள். மாதத் தவணை 60,008 ரூபாய். ஓராண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருந்தாள். வங்கிப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுக் கட்டையும் மேசையில் வைத்துவிட்டு, "ஏழு இலட்சத்துக்கு மேல் கட்டிவிட்டேன் அண்ணா, இன்னும் 43 இலட்சம் அளவில்தான் இருக்கும்" என்றாள்.

தவணை சரியா என்பதை முதலில் பார்த்தேன். கனடாவில் வீட்டுக் கடனுக்கு நான் பயன்படுத்தும் கணிப்பானில் போட்டால் சுமார் 59,080 ரூபாய் வந்தது. மாதம் 900 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வங்கி கூட்டி எடுக்கிறதோ என்று கோபம்கூட வந்தது. பிறகுதான் பிடிபட்டது. கனடாவில் நிலையான வட்டி வீட்டுக் கடன்களுக்கு ஆண்டுக்கு இருமுறைதான் வட்டியை முதலோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். தங்கையின் கடனில் 12 சதவீதத்தைப் பன்னிரண்டால் பிரித்து, மாதம் 1 சதவீதம் என்று எடுக்கிறார்கள். அப்படிப் போட்டால் வங்கியின் தொகை அப்படியே வருகிறது. கணினியில் எக்செல் இருந்தால் ஒரு வரி போதும்:

```
=PMT(0.12/12,180,-5000000)
```

தவணையில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தவணைக்குள் என்ன இருக்கிறது என்பதை அவளுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. கொப்பி ஒன்றை எடுத்து அவளையே எழுத வைத்தேன். முதல் மாதம் நிலுவை 50 இலட்சம்; அதற்கு 1 சதவீத வட்டி 50,000. கட்டிய 60,008இல் அதைக் கழித்தால் மீதி 10,008. கடன் குறைந்தது அவ்வளவுதான். இரண்டாம் மாதம் நிலுவை 4,989,992, வட்டி 49,900, முதலுக்குப் போனது சுமார் 10,108. மூன்றாவது வரியை எழுதும்போதே பேனாவை வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு மாதங்களுக்கும் கூட்டினோம். கட்டியது சுமார் 720,100 ரூபாய். அதில் வட்டி சுமார் 593,170. கடன் குறைந்தது 126,930 மட்டுமே. அவள் 43 இலட்சம் என்று நினைத்திருந்த நிலுவை உண்மையில் 4,873,068.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வட்டி எப்போதும் நிற்கிற நிலுவைக்குத்தான். தொடக்கத்தில் நிலுவை பெரிது, ஆகவே வட்டியும் பெரிது. தவணை மாறாமல் இருப்பதால் முதலுக்கு மிஞ்சுவது கொஞ்சம். ஒவ்வொரு மாதமும் அந்தக் கொஞ்சம் 1 சதவீதத்தால் வளரும். முதலுக்குப் போவது வட்டியை முந்துவது 112ஆவது மாதத்தில்தான். கடனில் பாதி கழிய பத்தரை ஆண்டுகள் ஆகும்.

அடுத்த நாள் இருவரும் யாழ் நகரில் உள்ள வங்கிக் கிளைக்குப் போனோம். இலக்கச் சீட்டு எடுத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கடன் பிரிவில் இருந்த பெண் உத்தியோகத்தர் பொறுமையானவர். மாதவாரியாக முதலும் வட்டியும் நிலுவையும் பிரித்துக் காட்டும் அட்டவணையைக் கேட்டதும் நான்கு பக்கத்தில் அச்சிட்டுத் தந்தார். கேட்டால் தருகிறார்கள், கடன் கொடுத்த அன்றே ஏன் தரவில்லை என்பது என் மனக்குறை. பதின்மூன்றாவது வரியில் நிலுவை எங்கள் கொப்பியோடு ரூபாய்க் கணக்கில் ஒத்திருந்தது.

பணத்தைக் கட்டப்போகிறோம் என்றதும் அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது: "தவணையைக் குறைக்கிறதா, காலத்தைக் குறைக்கிறதா?"

தங்கை உடனே தவணையைக் குறைக்கலாம் என்றாள். மாதம் 6,000 ரூபாய் மிச்சமாகும் என்பது கையில் தெரிகிற நன்மை. அங்கேயே இரண்டையும் போட்டுப் பார்த்தோம். 5 இலட்சத்தைக் கழித்தால் நிலுவை 4,373,068. மீதி 168 மாதங்களையும் அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால், புதிய தவணை சுமார் 53,850; கடன் முடியும்வரை மிச்சமாகும் வட்டி சுமார் 5.3 இலட்சம். பழைய 60,008ஐயே தொடர்ந்து கட்டினால் 131 தவணைகளும் ஒரு சிறு தொகையும் போதும். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முன்னதாகக் கடன் முடியும். மிச்சமாகும் வட்டி சுமார் 17 இலட்சம்.

அதே 5 இலட்சத்துக்கு இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தங்கை கேட்டாள். பதின்மூன்றாவது தவணையைக் காட்டினேன். பணம் கட்டாவிட்டால் அதில் முதலுக்குப் போவது 11,277 ரூபாய். கட்டிய பின் வட்டி 5,000 குறைந்து, முதலுக்கு 16,277 போகிறது. தவணையைக் குறைத்தால் அந்த 5,000 அவளுடைய கைக்குத் திரும்பிவிடும். தவணையை விட்டுவைத்தால் அது கடனைத் தின்னத் தொடங்கும். சம்பளம் இறுக்கமாக இருக்கிறவர்களுக்குத் தவணைக் குறைப்பே தேவைப்படலாம். அவளும் மச்சானும் இருவருமே உழைக்கிறார்கள், அதனால் காலத்தைக் குறைத்தோம்.

கடன் உறுதிக் கடிதத்தின்படி முன்கூட்டிக் கட்டும் தொகைக்கு 2 சதவீதக் கட்டணம், எங்களுக்கு 10,000 ரூபாய். மாதம் 5,000 வட்டி குறைவதால் அது இரண்டே மாதத்தில் திரும்பிவிடும். ஆனால் கடைசி ஓரிரு ஆண்டுகளில் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கட்டக் கூடாது. அப்போது மிச்சமாக வட்டியே அதிகம் இருக்காது.

எனக்கிருந்த இன்னொரு பயம் ஆறாவது ஆண்டு. அதன் பிறகு இந்தக் கடனின் வட்டி, மத்திய வங்கி வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு, அதாவது வங்கிகள் தங்கள் முதன்மை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டியோடு, ஏறி இறங்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதை ஊரில் யாரும் மறக்கவில்லை. பணம் கட்டாவிட்டால் ஐந்தாம் ஆண்டு முடிவில் நிலுவை சுமார் 41.8 இலட்சம், அந்த நிலையில் வட்டி 17 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே 60,008 ரூபாய் வட்டிக்குக்கூடப் போதாது. இப்போது அந்த நிலுவை சுமார் 33.8 இலட்சமாக இருக்கும். எல்லை 21 சதவீதத்துக்குத் தள்ளிப்போகிறது.

எழுந்து காசாளரிடம் போகப் புறப்பட்டபோது உத்தியோகத்தர் தடுத்தார். வெறுமனே வைப்பிட்டால் பணம் கணக்கில் கிடந்து, அடுத்தடுத்த தவணைகளாக மாதம் மாதம் கழிந்து போகும் என்றார். தங்கையின் அயல்வீட்டுக்காரருக்கு அதுதான் நடந்தது. மகன் லண்டனிலிருந்து அனுப்பிய பணம் எட்டு மாதத் தவணைகளாகக் கரைந்தது. கடனின் காலம் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

ஆகவே அங்கேயே உட்கார்ந்து, 5 இலட்சத்தையும் நிலுவையிலுள்ள முதலிலிருந்து கழிக்கவும், தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும், புதிய அட்டவணையைத் தரவும் கேட்டுத் தங்கை கைப்படக் கடிதம் எழுதினாள். பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கினோம். புதிய அட்டவணை நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு வந்தது. மூன்று பக்கம். அதன் முதல் வரியில் 16,277 இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள்.